முகாமில் பார்த்த ஹெச்ஆருக்கு மெசேஜ் அனுப்பணும்: எதைச் சொன்னால் என்னை நினைவு வரும்?

வைண்டிங்கடை மகள் | ஞாயிறு, காலை 7:40

வணக்கம். நேற்று ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போயிருந்தேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தியது. நான் டிப்ளமோ இ.இ.இ., இந்த வருஷம்தான் முடித்தேன்.

ஆறு மேசையில் ரெஸ்யூம் கொடுத்தேன். அதில் ஐந்தில் பெயர், மார்க், ஊர் கேட்டதோடு சரி. ஒரே ஒரு மேசையில் மட்டும் பத்து நிமிஷம் பேசினார்கள். கோவையில் பம்ப் மோட்டார் தயாரிக்கிற கம்பெனி. ஹெச்ஆர் மேடம் ஒருவர், பக்கத்தில் கியூசியில் இருந்து வந்த சார் ஒருவர். அப்பாவுக்கு வைண்டிங் கடை இருக்கிறது என்று சொன்னதும் அந்த சார்தான் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடைசியில் மேடம் என் ரெஸ்யூம் மூலையில் சிவப்பு மையில் ஏதோ எழுதிக் கட்டில் வைத்துக்கொண்டு, "கூப்பிடுறோம்மா" என்றார். விசிட்டிங் கார்டும் கொடுத்தார்.

அந்தக் கட்டு எவ்வளவு உயரம் இருந்தது என்று பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நானே ஒரு மெயில் அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் போடுகிறேன்:

"மதிப்பிற்குரிய மேடம், நேற்று முகாமில் தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. தங்கள் நிறுவனத்தின் தரமும் வளர்ச்சியும் என்னை மிகவும் கவர்ந்தன. உங்கள் டேபிள் ஃபேன் நின்றுபோனபோது பிளக்கைச் சரிசெய்து கொடுத்த பெண் நான்தான். நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றக் கூடியவள். எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்."

ஃபேன் விஷயம் நிஜமாக நடந்தது. அதைச் சொன்னால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். இது போதுமா, வேறு எதையாவது சேர்க்கணுமா?

நெல்லைக் காற்று | ஞாயிறு, காலை 8:15

ஃபேன் அருமையான விஷயம், அதை விட்டுவிடாதீங்க. நாள் முழுக்க நூறு பேரைப் பார்த்தவருக்கு முகம் ஞாபகம் இருக்காது. ஃபேனைச் சரிசெய்த பொண்ணு ஞாபகம் இருக்கும்.

24 மணி நேரத்துக்குள் அனுப்பிடணும், தாமதித்தால் பயன் இல்லை. இன்னொன்று, அவரைப் பற்றிச் சொந்தமாக ஏதாவது சேருங்கள். ஊர், பிள்ளைகள் படிப்பு, அந்த மாதிரி ஏதாவது பேசியிருப்பார் இல்லையா? அதை விசாரித்தால் மனசுக்கு நெருக்கமாக இருக்கும். எனக்கு ஒரு ஹெச்ஆர் தன் மகனுக்குப் பொதுத்தேர்வு என்று சொன்னார். "தம்பி நல்லா எழுத வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். உடனே நன்றி என்று பதில் வந்தது.

மூன்றாம் ஷிஃப்ட் | ஞாயிறு, காலை 8:22

நன்றி வந்தது சரி, வேலை வந்ததா?

நெல்லைக் காற்று | ஞாயிறு, காலை 8:30

இல்லை. ஆனால் பதில் வந்ததே, மற்ற ஐந்து பேர் அதுகூட அனுப்பவில்லை.

சிவப்பு மை | ஞாயிறு, காலை 10:05

நான் 14 வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஹெச்ஆர் பிரிவில் இருந்தவள். இந்த மாதிரி முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்தவள். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொன்னால் உங்களுக்கே எது தேவை என்று புரியும்.

சனிக்கிழமை மாலை கிளம்பும்போது ரெஸ்யூம்களை மூன்று கட்டாகக் கட்டுவோம். வேண்டாம், பார்க்கலாம், கூப்பிட வேண்டியது. மூலையில் இரண்டு மூன்று வார்த்தை எழுதியிருப்போம். "நைட் ஷிஃப்ட் ஓகே", "வெல்டிங் தெரியும்", "அரியர் 1" இப்படி. முகாம் நடத்தும் அலுவலகத்துக்கு எத்தனை பேர் தேர்வு, எத்தனை பேர் அடுத்த சுற்று என்று அன்றைக்கே எண்ணிக்கை கொடுத்துவிட்டுப் போவோம். ஞாயிறு லீவு. திங்கள் காலை யாராவது ஒருவர் அந்தக் கட்டை எக்ஸலில் ஏற்றுவார், பெரும்பாலும் முகாமுக்கு வராத ஒரு ட்ரெயினி. அந்தப் பட்டியலைப் பிரிவுத் தலைவர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் பத்துப் பெயரைத் தேர்ந்து சொன்னால் அந்தப் பத்துப் பேருக்குத்தான் போன் போகும்.

அதனால் "என்னை ஞாபகம் இருக்கிறதா" என்பதை விட இரண்டு விஷயம் முக்கியம். உங்கள் மெயிலைப் பார்த்ததும் கட்டில் இருந்து உங்கள் பேப்பரை உருவி எடுக்க முடிய வேண்டும். அப்புறம் அந்த மெயிலை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பினால், முகாமில் இல்லாத அவருக்கும் ஏன் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று புரிய வேண்டும். ஃபேன் பிளக் முதல் வேலையைக் கொஞ்சம் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. கியூசி தலைவருக்கு "ஃபேன் சரிசெய்த பொண்ணு" என்று மெயில் போனால் அவர் என்ன முடிவெடுப்பார்?

நெல்லைக் காற்று, சீக்கிரம் அனுப்பச் சொன்னது சரிதான். ஆனால் 24 மணி நேரம் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை முகாம் என்றால் ஞாயிறு இரவு அல்லது திங்கள் காலை 9 மணிக்குள் வந்த மெயில்தான் எக்ஸல் ஏற்றும்போது கண்ணில் படும். சனி இரவே அனுப்பியது திங்களுக்குள் கீழே போய்விடும். புதன் வரைக்கும் தள்ளினால் பெயர்கள் தேர்வாகி முடிந்திருக்கும்.

பிள்ளைகள் பற்றிச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச்சுவாக்கில் சொன்னதை முன்பின் தெரியாத ஒருவர் எழுத்தில் கொண்டுவந்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கிறது. நன்றி சொல்லி முடித்துவிடுவேன். அந்த மெயிலை யாருக்கும் அனுப்பவும் முடியாது.

தங்கச்சி, அந்தக் கியூசி சார் உங்களிடம் என்ன கேட்டார்? அதை ஏன் எழுதவே இல்லை?

திருப்பூர் வேலு | ஞாயிறு, காலை 10:40

முகாமை நம்பாதீங்க சகோதரி. போன வருஷம் முகாமில் ஒருத்தர் பேசினார், நாலு நாள் கழித்துப் போன் பண்ணி 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் ஆர்டர் வரும் என்றார். கட்டினேன். அதோடு சரி, போன் எடுக்கவே இல்லை. எங்கே புகார் கொடுக்கணும்னு யாராவது சொல்லுங்க.

சிவப்பு மை | ஞாயிறு, காலை 10:58

வேலு, உங்களுக்கு நடந்தது அநியாயம். 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம், பணம் அனுப்பிய ரசீதை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முகாம் நடத்திய வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். அரசு முகாமில் வேலை தேடுபவர் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. அவர் மேசையில் உட்கார்ந்திருந்தவரா, மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரா?

திருப்பூர் வேலு | ஞாயிறு, காலை 11:10

வாசல்ல நின்னு எல்லார் நம்பரையும் எழுதிக்கிட்டிருந்தார்.

சிவப்பு மை | ஞாயிறு, காலை 11:14

அதுதான். இழையைத் தொடங்கிய தங்கச்சிக்கும் இது பொருந்தும். மேசையில் வாங்கிய கார்டில் அச்சடித்திருக்கும் மெயில் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

வைண்டிங்கடை மகள் | ஞாயிறு, மதியம் 12:30

அக்கா, அந்தக் கேள்வியை எழுதாததற்குக் காரணம், நான் பாதிதான் சொன்னேன். சார் கேட்டது, "எரிந்துபோன த்ரீ ஃபேஸ் மோட்டார் கடைக்கு வருது. திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பே?"

சுருள் எல்லாம் ஒரே மாதிரி கருகியிருக்கிறதா, சில செட் மட்டும் கருகியிருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். எல்லாமே கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜில் ஓட்டியிருப்பார்கள். ஒரு ஃபேஸ் போய் ஓடியிருந்தால் இரண்டு செட் கருகி, ஒரு செட் நிறம் மாறாமல் இருக்கும். அப்பா சொல்லிக் கொடுத்தது. சார் தலையாட்டினார். அப்புறம், "டெல்டா கனெக்‌ஷன்லயும் இதேதானா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் அதை மெயிலில் நினைவுபடுத்த வேண்டாம் என்று ஃபேனைப் போட்டேன்.

டெஸ்டிங் பே | ஞாயிறு, மதியம் 1:05

நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன், அந்தக் கம்பெனி இல்லை. நீங்கள் சொன்னது ஸ்டார் கனெக்‌ஷனுக்கு முழுக்கச் சரி. ஒரு லைன் போனால் மீதி இரண்டு செட் வழியாகத்தான் கரண்ட் ஓடும், அவை இரண்டும் கருகும், மூன்றாவது தப்பிக்கும். டெல்டாவில் தலைகீழ். மீதி இருக்கிற இரண்டு லைனுக்கும் நடுவில் நேராக மாட்டியிருக்கிற ஒரு செட் முழு வோல்டேஜையும் வாங்கிக் கருகும். மற்ற இரண்டும் வரிசையாகச் சேர்ந்துவிடுவதால் அவற்றில் கரண்ட் குறைவு.

கடையில் பாருங்கள். 5 ஹெச்பி வரைக்கும் பெரும்பாலும் நேரடி ஸ்டார்ட்டர். 7.5 ஹெச்பியில் இருந்து மேலே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடுகிற மோட்டார் வந்தால் அது ஓடும்போது டெல்டாதான்.

எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்டால் ஸ்டாருக்கான பதிலையே பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். அந்த சார் இரண்டாவது கேள்வி கேட்டதே உங்களைப் பிடித்துப்போனதால்தான் என்று நினைக்கிறேன்.

சிவப்பு மை | ஞாயிறு, மதியம் 1:40

தங்கச்சி, நீங்கள் மறைக்க நினைத்ததுதான் எழுத வேண்டியது.

முகாமில் பேசி முடித்ததை மீண்டும் சொன்னால் "ஆமாம், பேசினோம்" என்பதோடு நின்றுவிடும். அங்கே முடியாமல் நின்ற ஒன்றை மெயிலில் முடித்துக் கொடுத்தால், படிப்பவர் ஏதாவது செய்தாக வேண்டும். மேடத்துக்கு ஸ்டாரும் டெல்டாவும் தெரியாது, ஆனால் "சார் கேட்ட கேள்விக்குப் பதில்" என்று இருந்தால் அதை அவருக்கு அனுப்பிவிடுவார். அவருக்குக் கேள்வி ஞாபகம் இருக்கும், அவர் கேட்டதாயிற்றே.

ஆனால் ஒன்று. அங்கேயே தெரிந்தது போல எழுதாதீர்கள். தெரியவில்லை என்று சொன்னதையும் எழுதுங்கள். அப்புறம், இங்கே டெஸ்டிங் பே சொன்னதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். அப்பாவிடம் கேளுங்கள், கடையில் மோட்டார் இருந்தால் கண்ணால் பாருங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

நெல்லைக் காற்று | ஞாயிறு, மதியம் 2:20

பதில் தெரியவில்லை என்று நாமே எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேடம் மறந்திருப்பார், நாமே ஏன் ஞாபகப்படுத்தணும்? ஃபேன்தான் பாதுகாப்பு.

டெஸ்டிங் பே | ஞாயிறு, மதியம் 2:35

மேடம் மறந்திருக்கலாம். கேட்டவர் மறக்க மாட்டார்.

ஷேர் ஆட்டோ | ஞாயிறு, மாலை 4:10

எனக்கு ஒரு சந்தேகம், தனி இழை போடாமல் இங்கேயே கேட்கிறேன். நானும் நேற்று அதே மாதிரி ஒரு முகாமுக்குப் போனேன், பி.காம். என் மேசையில் இரண்டு நிமிஷம்தான். மார்க் கேட்டார், டேலி தெரியுமா என்றார், ஸ்ரீபெரும்புதூர் வர முடியுமா என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார். ஃபேனும் இல்லை, வைண்டிங்கும் இல்லை. நான் எதை நினைவுபடுத்துவது? ஏதாவது சுவையாகச் சேர்த்துச் சொல்லலாமா?

சிவப்பு மை | ஞாயிறு, மாலை 4:45

நடக்காததைச் சேர்க்கவே கூடாது. ஒரு தம்பி எனக்கு மெயில் அனுப்பியிருந்தார், "நீங்கள் ஏற்றுமதிப் பிரிவு பற்றி விளக்கியது பயனுள்ளதாக இருந்தது" என்று. எங்களுக்கு ஏற்றுமதியே கிடையாது. பக்கத்து மேசையில் பேசியதை எனக்கும் அனுப்பிவிட்டார். நல்ல பையன்தான், பேப்பரும் நன்றாக இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பட்டியலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வர முடியுமா என்றதற்கு என்ன சொன்னீர்கள்?

ஷேர் ஆட்டோ | ஞாயிறு, மாலை 4:52

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சிவப்பு மை | ஞாயிறு, மாலை 5:00

அப்படியென்றால் உங்கள் மூலையில் "இடம்?" என்று எழுதியிருப்பார், பேப்பர் "பார்க்கலாம்" கட்டில் இருக்கும். வீட்டில் கேட்டாயிற்றா? சரி என்றால் "ஸ்ரீபெரும்புதூர் வர முடியுமா என்று கேட்டீர்கள், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். வர முடியும், தங்க இடமும் இருக்கிறது" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி போதும். அவர் உங்களைக் கட்டு மாற்றி வைப்பார். வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் இந்த மெயிலால் பயன் இல்லை, அனுப்பவும் வேண்டாம்.

மூன்றாம் ஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 5:30

மெயில் மெயில் என்கிறீர்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலை ஹெச்ஆர்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். மெயிலைத் திறப்பதே இல்லை. கார்டில் நம்பர் இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நீல டிக் வந்ததா என்றாவது தெரியும்.

சிவப்பு மை | ஞாயிறு, மாலை 6:00

நான் மெயில் பக்கம்தான். வாட்ஸ்அப்பில் நல்ல செய்தி வந்தாலும் திங்கள் மதியத்துக்குள் மேலே முப்பது செய்தி ஏறிவிடும். ஐ.டி.ஐ., ஆபரேட்டர் வேலைகளுக்கு நீங்கள் சொல்வது நடைமுறை என்று ஒத்துக்கொள்கிறேன். "வாட்ஸ்அப் பண்ணும்மா" என்று அவரே சொல்லியிருந்தால் தயங்க வேண்டாம். சொல்லாத நம்பருக்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்காது.

மூன்றாம் ஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 6:08

நான் இரண்டும் அனுப்புவேன். எனக்கு வேலை கிடைத்தது வாட்ஸ்அப்பில்தான்.

வைண்டிங்கடை மகள் | ஞாயிறு, இரவு 8:50

அப்பாவிடம் கேட்டேன். "நீ ஏன் இதை அங்கேயே போன் போட்டுக் கேக்கலை" என்று திட்டிவிட்டு, கடைக்குள் கூட்டிப்போய் ஒரு 7.5 ஹெச்பி மோட்டாரைக் காட்டினார். போன வாரம் கோபிப் பக்கத்தில் இருந்து வந்தது. டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போனதைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு செட் கரி, மற்ற இரண்டும் வார்னிஷ் நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை. டெஸ்டிங் பே அண்ணா சொன்னது அப்படியே இருந்தது.

மெயிலை மாற்றி எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள்:

பொருள்: டிப்ளமோ இ.இ.இ., சனிக்கிழமை ஈரோடு முகாம், கியூசி சாரின் வைண்டிங் கேள்வி

"வணக்கம் மேடம். சனிக்கிழமை முகாமில் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் உங்கள் மேசையில் பேசினேன். அப்பாவின் வைண்டிங் கடையில் வேலை பழகியவள். எரிந்த மோட்டாரைத் திறந்ததும் எதைப் பார்ப்பாய் என்று கியூசி சார் கேட்டார். ஸ்டார் இணைப்புக்குப் பதில் சொன்னேன், டெல்டாவுக்குத் தெரியவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து கடையில் இருந்த 7.5 ஹெச்பி டெல்டா மோட்டாரைப் பார்த்தேன். ஒரு ஃபேஸ் போய் ஓடியதில் ஒரு செட் சுருள் மட்டும் கருகியிருந்தது, மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. இதைச் சாரிடம் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். டெஸ்டிங், சர்வீஸ் இரண்டில் எந்தப் பணியானாலும் கோவையில் தங்கி வேலை பார்க்க முடியும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்."

கீழே பெயர், கைபேசி எண். ஃபேனை எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான்.

சிவப்பு மை | ஞாயிறு, இரவு 9:20

நன்றாக இருக்கிறது. எந்த நேரம் பேசினீர்கள் என்று போட்டது மிக நல்லது, கட்டு பெரும்பாலும் வந்த வரிசையில்தான் இருக்கும். கருகிய சுருளைப் போட்டோ எடுத்திருந்தால் ஒன்று மட்டும் இணையுங்கள், மோட்டார் உரிமையாளர் பெயர் எதுவும் தெரியக் கூடாது. ரெஸ்யூம் ஃபைலுக்கு என்ன பெயர்?

வைண்டிங்கடை மகள் | ஞாயிறு, இரவு 9:24

`Resume_new_final2.pdf`

சிவப்பு மை | ஞாயிறு, இரவு 9:27

உங்கள் பெயர், படிப்பு இரண்டும் வருகிற மாதிரி மாற்றுங்கள். அந்தப் பக்கம் இறக்கி வைத்தால் இதே பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். காலை 8 மணிக்கு அனுப்புங்கள்.

வைண்டிங்கடை மகள் | வியாழன், மாலை 6:15

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. திங்கள் அனுப்பினேன், செவ்வாய் பதில் இல்லை. புதன் மதியம் மேடம் போன் பண்ணினார்.

ரெஸ்யூம் மூலையில் "வைண்டிங், கியூசி ஓகே" என்றுதான் எழுதியிருந்தாராம். ஆனால் முகாமில் அவசரமாக நிரப்பிய படிவத்தில் என் போன் நம்பரில் 1 எழுதியது 7 மாதிரி இருந்திருக்கிறது. திங்கள் காலை யாரோ கூப்பிட்டுப் பார்த்து, தவறான எண் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மெயிலைப் பார்த்த பிறகுதான் சரியான நம்பர் கிடைத்தது. மெயிலை அந்த சாருக்கும் அனுப்பியிருக்கிறார். வரும் திங்கள் கோவைக்கு வரச் சொல்லியிருக்கிறார், டெஸ்டிங் பிரிவு.

வைக்கும்போது, "ஃபேன் பிளக்கைச் சரி பண்ணிக் கொடுத்தது நீதானே?" என்றும் கேட்டார்.

நெல்லைக் காற்று | வியாழன், மாலை 6:20

பார்த்தீர்களா! ஃபேனை எடுக்காதீங்கன்னு முதலிலேயே சொன்னேன்.

சிவப்பு மை | வியாழன், மாலை 6:50

போன் நம்பர் விஷயம் எனக்கே புதிது இல்லை, ஆனால் சொல்ல மறந்துவிட்டேன். ஃபேனை அவர் மறக்கவில்லை என்பதும் சரிதான், ஒரு வரியாக இருந்திருந்தால் கெடுதல் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

தங்கச்சி, போனில் பேசியதோடு விடாமல் அதே மெயிலுக்கே பதிலாக "திங்கள் காலை இத்தனை மணிக்கு வருகிறேன்" என்று இன்றைக்கே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். புது மெயிலாக வேண்டாம், பழையது கீழே இருக்கட்டும். வாசலில் செக்யூரிட்டி யாரைப் பார்க்கணும் என்று கேட்டால் காட்டவும் உதவும். ஷேர் ஆட்டோ, உங்களுக்கு என்ன ஆயிற்று?

ஷேர் ஆட்டோ | வியாழன், இரவு 9:30

வீட்டில் சம்மதிக்கச் செவ்வாய் இரவு ஆகிவிட்டது. புதன் காலை அனுப்பினேன். இன்னும் எதுவும் வரவில்லை. இன்னொரு முறை அனுப்பலாமா?

சிவப்பு மை | வியாழன், இரவு 9:45

அடுத்த புதன் வரை பொறுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அதே மெயிலுக்குக் கீழே, இந்தப் பணியிடம் நிரம்பிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் ஷிஃப்ட் | வியாழன், இரவு 9:52

வாட்ஸ்அப்பும் ஒன்று போட்டு வையுங்க தம்பி.